அண்ணி அனுப்பிய பட்டுப்புடவைக்கு 76 வெள்ளி 70 காசா? அன்பளிப்புப் பார்சலின் வரிக் கணக்கு

ஊரிலிருந்து பார்சல் வரும் என்று காத்திருக்கும்போது, பார்சலுக்கு முன்னால் ஒரு கட்டணக் கோரிக்கை வந்து சேர்கிறது. ‘சுங்க வரி, இதர கட்டணங்கள்’ என்று ஒரு தொகை. அதைக் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும் என்று ஒரு வரி. உள்ளே இருப்பது வாங்கி விற்கும் சரக்கு இல்லை, வளைகாப்புக்கு வந்த புடவை. அன்பளிப்புக்கு எதற்கு வரி என்ற கேள்வி உடனே எழும். கோபத்தில் கட்ட மறுப்பவர்களும் உண்டு, எதையும் பார்க்காமல் கட்டிவிடுபவர்களும் உண்டு. அந்தத் தொகை எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால், எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பது தெளிவாகிவிடும்.

பார்த்துக்கொண்டே போக ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். சிங்கப்பூரில், செங்காங்கில் வசிக்கும் ஒரு பெண்ணுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணி கூரியரில் ஒரு பெட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு பட்டுப்புடவை, மூத்த குழந்தைக்கு ஒரு பட்டுப்பாவாடை. கூரியர் நிறுவனம் 76 வெள்ளி 70 காசு கேட்கிறது. கணக்கு எளிதாக இருக்க ஒரு வெள்ளிக்கு 66 ரூபாய் என்று கொள்கிறேன். உங்கள் பார்சலுக்கு அந்தந்த நாளின் சுங்க மாற்று விகிதம்தான் பொருந்தும்.

முதலில்: கேட்பவர் யார்?

தொகை சரியா என்று பார்ப்பதற்கு முன், கோரிக்கை உண்மையானதா என்று பாருங்கள். ‘பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்’ என்பது மோசடிக்காரர்கள் அடிக்கடி பயன்படுத்தும் வாசகம். வந்த இணைப்பைத் தொடாதீர்கள். ஊரில் அனுப்பியவரிடம் பார்சல் எண்ணைக் கேட்டு வாங்கி, கூரியர் நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பார்சல் உண்மையிலேயே நின்றிருந்தால் அங்கே தெரியும்.

தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது சுங்கக் கோரிக்கையே இல்லை. ‘சுங்க அதிகாரி பேசுகிறேன்’ என்று யாராவது தொலைபேசியில் அவசரப்படுத்தினால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-ஐ அழைத்துக் கேளுங்கள். இணையத்தில் பழகிய வெளிநாட்டு நண்பர் பரிசு அனுப்பியதாகச் சொல்லி, அதை விடுவிக்கப் பணம் கேட்கும் கதையில் பலர் சேமிப்பையே இழந்திருக்கிறார்கள். அங்கே பார்சலே இருக்காது.

நம் எடுத்துக்காட்டில் பார்சல் உண்மை, கோரிக்கையும் உண்மை.

பெயர் சுங்க வரி, உள்ளே இருப்பது ஜிஎஸ்டி

சிங்கப்பூரில் சுங்க வரியோ தீர்வையோ விதிக்கப்படுவது நான்கு வகைப் பொருள்களுக்குத்தான்: மதுபானம், புகையிலைப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள், பெட்ரோலியப் பொருள்கள். புடவை, பாத்திரம், பொம்மை, புத்தகம் எதற்கும் இந்த வரி கிடையாது.

ஆனால் நாட்டுக்குள் வரும் பொருளுக்குப் பொருள், சேவை வரி உண்டு. 2023 தொடக்கத்தில் 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடாகவும் உயர்ந்த அதே ஜிஎஸ்டிதான். இறக்குமதியின்போது அதை வசூலிப்பது சுங்கத்துறை. அதனால் மக்கள் பேச்சிலும் சில நிறுவனங்களின் பில்லிலும் அது ‘சுங்க வரி’ ஆகிவிடுகிறது. பெயரைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். ‘புடவைக்குச் சுங்க வரி கிடையாதே’ என்று மட்டும் எழுதினால், சொன்னது சரியாகவே இருந்தாலும் தொகை ஒரு காசு குறையாது.

விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பார்சலுக்கு ஒரு சலுகை இருக்கிறது. அதன் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டாவிட்டால் இறக்குமதியில் ஜிஎஸ்டி இல்லை. மதுவுக்கும் புகையிலைக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. இந்த 400 வெள்ளியைப் பற்றி மூன்று தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன.

1. ‘அன்பளிப்புக்கு வரி இல்லை.’ சிங்கப்பூரில் அன்பளிப்புப் பார்சலுக்கென்று தனி விலக்கு கிடையாது. சில நாடுகளில் உண்டு. பிரிட்டனில் 39 பவுண்ட் வரையிலான அன்பளிப்புக்கு இறக்குமதியில் வரிச்சலுகை இருக்கிறது. அங்கே உறவினர் இருப்பவர்கள் அதை வைத்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்ற கட்டத்தில் குறியிடுவது பொருள் எதற்காக வருகிறது என்பதைத்தான் சொல்கிறது. வரியைக் குறைக்காது.

2. ‘400-க்கு மேல் இருப்பதற்கு மட்டும்தான் வரி.’ அப்படி இல்லை. மதிப்பு 401 வெள்ளி என்றால் 401-க்கும் வரி.

3. ‘400 என்பது பொருளின் விலை.’ பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அதை விரிவாகவே பார்ப்போம்.

விமானத்தில் கையோடு கொண்டுவரும் பொருள்களுக்குப் பயணிகளுக்கான சலுகை ஒன்று இருக்கிறது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்து திரும்புபவருக்கு 500 வெள்ளி என்று சொல்வது அது. பெட்டியில் தூக்கி வருவதற்கு உள்ள கணக்கைப் பார்சலில் வருவதற்குப் போட முடியாது.

மதிப்பு என்றால் என்ன?

சுங்கத்துறை பார்ப்பது ‘சிஐஎஃப்’ மதிப்பு. பொருளின் விலை, காப்புறுதி, சிங்கப்பூர் வரை கொண்டுவரும் செலவு, இந்த மூன்றும் சேர்ந்த தொகை அது. கூரியர் கட்டணத்தை அண்ணி கட்டினாரா, பெட்டியைப் பெறும் செங்காங் தங்கை கட்டினாரா என்பது பொருட்டல்ல. கட்டணம் மதிப்பில் சேர்ந்துவிடும்.

அடுத்தது பொருளின் விலை. விற்று வாங்கிய சரக்கு என்றால் கொடுத்த விலை இருக்கும். உலக வணிக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு உடன்பாட்டைத்தான் சிங்கப்பூரும் பின்பற்றுகிறது. அதன்படி முதலில் பார்ப்பது, ஏற்றுமதிக்காக விற்றபோது உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலை. அன்பளிப்பில் அண்ணிக்கும் தங்கைக்கும் இடையே விற்பனையே நடக்கவில்லை. அதனால் விலை பூஜ்யம் ஆகிவிடாது. அந்த முதல் வழி பொருந்தாமல் போகிறது, அவ்வளவுதான். அதே பொருள் அல்லது அதைப் போன்ற பொருள் என்ன மதிப்பில் இறக்குமதியாகிறது என்று பார்க்கும் அடுத்தடுத்த வழிகளுக்கு அதிகாரிகள் போகலாம்.

‘வணிக மதிப்பு இல்லை’ என்று எழுதி அனுப்பும் பழக்கம் இதனால்தான் உதவாது. விலை எழுதாத பெட்டி சந்தேகத்தைக் கிளப்பும், பெட்டி நிற்கும், மதிப்பை வேறொருவர் போடுவார்.

அப்படியானால் கடை ரசீதால் என்ன பயன்? ரசீதில் உள்ள தொகை தானாகவே சுங்க மதிப்பாகிவிடாது. மதிப்பை இறுதியாக முடிவு செய்யும் அதிகாரம் சுங்கத்துறைக்குத்தான். ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டு புடவை விஷயத்தில், படிவத்தில் எழுதிய தொகை உண்மையா என்று காட்ட ரசீதை விட நல்ல ஆதாரம் பெரும்பாலும் இருக்காது. தேதி, கடை, பொருள், தள்ளுபடி, கட்டிய தொகை எல்லாம் அதில் இருக்கின்றன.

ரசீது இல்லாத பொருளும் வரும். பாட்டி வைத்திருந்த பழைய பித்தளை விளக்கை அம்மா அனுப்புவார். அதற்கு இன்றைய நிலையில் என்ன மதிப்போ அதை எழுத வேண்டும். புழங்கிய பொருள் என்று தெரியும்படி படங்களும், அதே வகைப் பழைய பொருள் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதற்கு ஓரிரு சான்றுகளும் வைத்தால் பேச இடமிருக்கும்.

76 வெள்ளி 70 காசைப் பிரித்தால்

கூரியர் நிறுவனத்திடம் இரண்டு ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, சுங்கத்தில் தாக்கல் செய்த அனுமதிப் பத்திரத்தின் நகல். மதிப்பு, மாற்று விகிதம், வரி எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று, பெட்டியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் அண்ணி வைத்த இன்வாய்ஸின் நகல். இந்த இரண்டும் இல்லாமல் எழுதும் மறுப்புக் கடிதம் வெறும் வருத்தமாகத்தான் போய்ச் சேரும்.

நம் எடுத்துக்காட்டில் அவற்றில் இருப்பது இது:

1. பொருள்களின் விலை 36,300 ரூபாய், அதாவது 550 வெள்ளி.
2. கூரியர் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்து 3,960 ரூபாய், அதாவது 60 வெள்ளி.
3. மொத்த மதிப்பு 610 வெள்ளி. அதில் 9 விழுக்காடு 54 வெள்ளி 90 காசு.
4. கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் 20 வெள்ளி, அந்தச் சேவைக்கான ஜிஎஸ்டி 1 வெள்ளி 80 காசு.

நான்காவது வரி அரசாங்க வரி அல்ல. உங்கள் சார்பில் தாக்கல் செய்து, வரியை முன்கூட்டியே கட்டிவைத்ததற்கு நிறுவனம் கேட்கும் கூலி அது. தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதைப் பற்றிச் சுங்கத்துறைக்கு எழுதிப் பயனில்லை. நிறுவனத்தின் கட்டணப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது முதல் வரிக்கு வருவோம். 36,300 எங்கிருந்து வந்தது? செங்காங் தங்கை அண்ணியை அழைத்துக் கேட்கிறார். கூரியர் கடையில் “என்ன விலை?” என்று கேட்டதும், புடவையில் தொங்கிய அட்டையைப் பார்த்து அண்ணி படித்துச் சொல்லியிருக்கிறார். அட்டையில் 18,480, 11,880, பாவாடைக்கு 5,940. ஆனால் வாங்கியது ஆடித் தள்ளுபடியில். ரசீதில் கட்டிய தொகை 13,200, 7,920, 4,620. மொத்தம் 25,740 ரூபாய், அதாவது 390 வெள்ளி.

390 என்று பார்த்தவுடன் தங்கைக்கு நிம்மதி. 400-க்குள் இருக்கிறதே, வரியே கிடையாது என்று நினைக்கிறார். இல்லை. 60 வெள்ளி கூரியர் செலவைச் சேர்த்தால் 450. சலுகை வரம்பைத் தாண்டிவிட்டது. 450-க்கு 9 விழுக்காடு 40 வெள்ளி 50 காசு. ஆக, சரியாகக் கேட்கக்கூடியது 54.90-க்கும் 40.50-க்கும் உள்ள வித்தியாசமான 14 வெள்ளி 40 காசு. கையாளும் கட்டணம் அப்படியே நின்றால் கட்ட வேண்டியது 62 வெள்ளி 30 காசு.

சின்னத் தொகைதான். ஆனாலும் முழுவதையும் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்பதை விட, கணக்கைக் காட்டி 14.40-ஐக் கேட்பதுதான் பலிக்கும் என்பது என் கருத்து. கடிதத்தைப் படிப்பவருக்குத் திருத்த வேண்டிய இடம் எது என்று உடனே தெரிகிறது. கடையில் கட்டிய இந்திய ஜிஎஸ்டியை இங்கே கழிக்கச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது அந்த நாட்டு வரி. இங்கே ஈடாகாது.

பதில் எழுதுவது எப்படி?

யாருக்கு எழுத வேண்டும்? சுங்கத்தில் தாக்கல் செய்தவர் கூரியர் நிறுவனம். தாக்கலைத் திருத்த வேண்டியவரும் அவர்தான். எனவே முதல் கடிதம் நிறுவனத்தின் சுங்கப் பிரிவுக்குப் போகட்டும். அஞ்சலில் வந்த பார்சல் என்றால், வந்த அறிவிப்பில் குறிப்பிட்ட முகவரிக்கே எழுதுங்கள்.

எப்போது? பணம் கட்டுவதற்கு முன்பே. கட்டிவிட்டால் வழி அடைபட்டுவிடாது. அதிகம் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது நீளும், பத்திரத்தைத் திருத்த நிறுவனம் தனிக்கட்டணமும் கேட்கலாம். 14 வெள்ளியைத் திரும்பப் பெற அதை விட அதிகம் செலவாகுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், பார்சல் கிடங்கில் நிற்கும் நாள் கூடினால் வாடகை ஏறும், கடைசியில் திருப்பி அனுப்பியும் விடுவார்கள். அதனால் பதிலை ஓரிரு நாளில் அனுப்பிவிடுவது நல்லது.

கடிதம் ஆங்கிலத்தில் போகும். அதில் இருக்க வேண்டிய விஷயத்தைத் தமிழில் தருகிறேன்:

> பார்சல் எண்: (எண்). பெறுபவர்: (பெயர்).
>
> இந்தப் பார்சலில் இரண்டு பட்டுப்புடவையும் ஒரு பட்டுப்பாவாடையும் உள்ளன. என் அண்ணி அனுப்பிய குடும்ப அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல. இறக்குமதி ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்பதை ஏற்கிறேன். மதிப்பில் உள்ள பிழையைத் திருத்தும்படி கேட்டு இதை எழுதுகிறேன்.
>
> இன்வாய்ஸில் எழுதிய 36,300 ரூபாய், தள்ளுபடிக்கு முந்தைய அட்டை விலை. கட்டிய விலை 25,740 ரூபாய். கடை ரசீதும் பணம் செலுத்திய சான்றும் இணைப்பில் உள்ளன. கூரியர் கட்டணமும் காப்புறுதியும் 3,960 ரூபாய், அதில் மாற்றம் இல்லை.
>
> நீங்கள் பயன்படுத்திய மாற்று விகிதத்திலேயே மொத்த மதிப்பு 450 வெள்ளி, ஜிஎஸ்டி 40 வெள்ளி 50 காசு. தாக்கலைத் திருத்தி, புதிய கட்டண விவரத்தை அனுப்புங்கள். திருத்தத்துக்குக் கட்டணம் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். இந்த மதிப்பை ஏற்க முடியாவிட்டால், எந்த அடிப்படையில் என்பதையும் வேறு எந்த ஆவணம் தேவை என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘முடியாது’ என்று மட்டும் பதில் வந்தால் அடுத்துப் பேச ஒன்றும் இருக்காது. காரணம் எழுத்தில் வந்தால், அதே ஆவணங்களோடு சுங்கத்துறையிடம் நேரடியாக விளக்கம் கேட்க முடியும்.

இணைப்பில் ரசீது படம் தெளிவாக இருக்கட்டும். துணிக்கடை ரசீதில் மை சீக்கிரம் மங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை அப்படியே அனுப்பினால் தொகையே தெரியாது. வெளிச்சத்தில் வைத்து, நான்கு மூலையும் தெரிய மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கார்டிலோ யுபிஐயிலோ கட்டியிருந்தால் அந்தப் பதிவில் இருக்கும் தொகை ரசீதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். கடைக்காரரிடம் சொல்லி 350 வெள்ளிக்கு ஒரு ரசீது போட்டு வாங்குவது. ஊரில் அது எளிதாகக் கிடைக்கலாம். இங்கே அது பொய்த் தாக்கல். வரி ஏய்ப்புக்கு, ஏய்த்த வரியைப் போல் 20 மடங்கு வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 40 வெள்ளிக்காக அந்தப் பக்கம் போகவே கூடாது.

கடையே நேரடியாக அனுப்பியிருந்தால்

அண்ணன் அமெரிக்காவிலிருந்து இணையக் கடையில் வாங்கி, உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். அப்போது விற்பனை ஒன்று நடந்திருக்கிறது, விலையும் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், சிங்கப்பூர் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு விற்கும்போதே ஜிஎஸ்டியை வாங்கிவிடுகிறார்கள். அப்படி வாங்கியிருந்தும் இறக்குமதியில் மறுபடி கேட்டால், ஒரே பொருளுக்கு இரண்டு முறை வரி ஆகிறது. தலா 250 வெள்ளியில் இரண்டு பொருள்கள் ஒரே பெட்டியில் வரும்போது இது நேரலாம். தனித்தனியாக வரம்புக்குள், சேர்ந்தால் வரம்பைத் தாண்டி.

வாங்கியவரிடமிருந்து இன்வாய்ஸை வாங்கிப் பாருங்கள். விற்பனையாளரின் ஜிஎஸ்டி பதிவு எண்ணும் வரித் தொகையும் அதில் இருந்தால், அதைப் பணம் கட்டும் முன்பே கூரியர் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே இரண்டு முறை கட்டியிருந்தால், இறக்குமதியில் கட்டிய சான்றைக் காட்டி விற்பனையாளரிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

அடுத்த பெட்டிக்கு முன்

அண்ணியிடம் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. ‘துணி, அன்பளிப்பு’ என்று ஒரே வரியில் முடிக்காமல், பட்டுப்புடவை எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனி வரியாக, கட்டிய விலையைப் போட்டு எழுதட்டும். ரசீதின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள் புடவை மடிப்பில் வைக்காமல், வெளியே ஒட்டும் உறைக்குள் இன்வாய்ஸோடு வைக்கட்டும். கூரியர் கடையில் இருப்பவர் “பத்திரமா போகணும், கொஞ்சம் கூடப் போட்டுக்கறேன்” என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்லட்டும். அப்புறம், பணம் கட்டும் முன் கூரியர் கட்டணத்தை விலையோடு கூட்டி 400 வெள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெட்டி மூடுவதற்கு முன்பே வரி வருமா என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.